கொருக்குப்பேட்டையில் ஒரு கதவு

ராயபுரத்திலிருந்து திருவொற்றியூருக்குக் காலை வண்டியில் போய்வந்த காலத்தில் எனக்கென்று ஒரு இடம் இருந்தது. மூன்றாம் வகுப்புப் பெட்டியில் கதவை ஒட்டிய ஜன்னலோரம். யாரும் எழுதிக் கொடுத்ததில்லை, ஆனாலும் அது என் இடம்தான். வேறு யாராவது தெரியாமல் உட்கார்ந்துவிட்டால் நான் ஒன்றும் சொல்லமாட்டேன். பக்கத்தில் போய் நின்றுகொண்டு குடையை உதறுவேன். அவரே எழுந்துவிடுவார்.

நான் ஒரு தீப்பெட்டிக் கம்பெனியின் மரக்கிடங்கில் கணக்கெழுதினேன். கப்பலில் வந்து இறங்கும் மரத்துக்கும் அறுத்து உள்ளே போகும் மரத்துக்கும் கணக்கு. என்னைக் கம்பெனியிலும் வண்டியிலும் ‘ரைட்டரே’ என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டியில் எங்கள் அறையில் நாங்கள் எல்லோரும் தினமும் போய்வருகிற ஆட்கள். பாதிப் பேர் தீப்பெட்டிக் கம்பெனி, மீதிப் பேர் எண்ணெய்த் தொட்டி, தோல் கிடங்கு. எங்களுக்கெல்லாம் தலைவர் மாதிரி ஒரு மேஸ்திரி. குச்சி அறுக்கும் பகுதியில் மேஸ்திரி. பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். அவர் சொல்லுக்கு அந்த அறையில் மறுசொல் கிடையாது.

அந்தக் காலத்துப் பெட்டிகளை இப்போதைய பிள்ளைகளுக்குச் சொன்னால்தான் புரியும். உள்ளே நடந்து போகும் வழி இல்லை. குறுக்கே பெஞ்சு, எதிரே பெஞ்சு, அது ஒரு அறை. ஒவ்வொரு அறைக்கும் இரண்டு பக்கமும் கதவு. கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும். கைப்பிடி வெளியே மட்டும்தான். படுக்கையாக இருந்தால் பூட்டியிருக்கிறது என்று அர்த்தம். கீழே அழுத்தி நேராகத் தொங்கவிட்டால் திறந்துகொள்ளும். உள்ளே இருப்பவன் இறங்க வேண்டுமானால் ஜன்னல் வழியாகக் கையை வெளியே விட்டு அழுத்த வேண்டும். கதவுக்குப் பக்கத்தில் நின்று ஏறுவதற்கு ஒரு இரும்புக் கம்பி, அடியில் நீளமாக ஒரு படிப்பலகை. அறைக்கு உள்ளே, பெஞ்சுக்கு மேலே, இத்தனை பேர் உட்காரலாம் என்று வெள்ளைச் சாயத்தில் எழுதியிருக்கும். எங்கள் அறையில் பத்து.

ஜன்னலோரம் எனக்குக் கிடைத்தது சும்மா இல்லை. அதற்கு ஒரு வேலை உண்டு. ‘கைப்பிடி பிடிக்கிறது’ என்போம். ஸ்டேஷனில் வண்டி நின்றதும் ஜன்னலோரத்து ஆள் கையை வெளியே விட்டுக் கைப்பிடியை மேல்நோக்கி இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். வெளியே இருக்கிறவன் எவ்வளவு அழுத்தினாலும் அது இறங்காது. தெரிந்த முகம் வந்தால் விடுவேன். தெரியாத முகம் வந்தால், “பின்னால பெட்டி காலியா இருக்கு, அங்க போ” என்பேன். பின்னால் காலியாக இருக்கிறதா என்று நான் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

இன்னொரு பழக்கமும் உண்டு. தண்டையார்பேட்டையில் ஏறும் இரண்டு பேர் எங்கள் கூட்டம். அவர்களுக்காக ராயபுரத்திலேயே பெஞ்சில் ஒரு துண்டு விரித்து வைப்போம். துண்டு கிடக்கிற இடத்தில் ஆள் இருப்பதாகவே கணக்கு. கூட்டத்தில் ஒருவன் நின்றுகொண்டே வந்தாலும் துண்டு மட்டும் உட்கார்ந்துகொண்டு வரும். அதை நாங்கள் யாரும் வேடிக்கையாக நினைத்ததில்லை.

அன்று ஐப்பசி மழை. ராயபுரத்தில் ஏறும்போதே வேட்டி முழங்கால் வரை சேறு. சில ஆட்கள் வரவில்லை. அறையில் எட்டுப் பேர்தான் இருந்தோம். தண்டையார்பேட்டைக்காரர்களுக்காகத் துண்டு வழக்கம்போல் விரித்துக் கிடந்தது. ஜன்னல்களின் பலகைச் சட்டங்களை எல்லாம் இறக்கிவிட்டிருந்தோம், சாரல் அடிக்காமல் இருக்க. என் ஜன்னலில் மட்டும் கை நுழைகிற அளவுக்குத் திறந்து வைத்திருந்தேன்.

வண்ணாரப்பேட்டை தாண்டிக் கொருக்குப்பேட்டையில் வண்டி நின்றது. நான் கையை வெளியே விட்டுப் பிடித்துக்கொண்டேன். வெளியே ஒரு ஆள் ஓடிவந்து படிப்பலகையில் கால் வைத்தான். என் வயதுக்குச் சற்று இளையவன். தலையில் கோணி போர்த்தியிருந்தான். ஒரு கையில் துணியில் கட்டிய தூக்குச்சட்டி. இன்னொரு கையால் கைப்பிடியை அழுத்தினான். அவன் கை என் கைமேல் பட்டது. ஈரமாக, சில்லென்று இருந்தது.

“தொற நைனா, மழ கொட்டுது” என்றான்.

“இடமில்லே. பின்னால பெட்டி காலியா இருக்கு, அங்க போ.”

“எந்தப் பொட்டி? அல்லாத்திலயும் இதான் சொல்றாங்கோ. மொத நாள் வேலைக்குப் போய்க்கினு கீறேன், நைனா. லேட்டா போனா உள்ள வுடமாட்டான்.”

உள்ளேயிருந்து மேஸ்திரி சிரித்தார். “இடத்தக் குடுத்தா மடத்தப் புடுங்குவான். வுடாதே ரைட்டரே.”

நான் விடவில்லை. என்ஜின் ஊதியது. பின்னால் கார்டின் ஊதலும் கேட்டது. வண்டி ஒரு இழுப்பு இழுத்தது. ஜன்னல் சந்து வழியாக எனக்கு அந்த ஆளின் கோணி மட்டும்தான் தெரிந்தது. பிறகு அது நகர்ந்தது. இறங்கிவிட்டான் என்று நினைத்தேன். மழைத் தண்ணீர் சட்டம் வழியாக என் சட்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. சட்டை நனைகிறதே என்று கையை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

அவன் இறங்கவில்லை. கைப்பிடியை நம்பித்தான் நின்றுகொண்டிருந்தான். இவ்வளவு நேரமும் அதை மேலே தாங்கிக்கொண்டிருந்தது என் கை. நான் விட்டதும் அவன் பாரத்துக்குக் கைப்பிடி கீழே இறங்கியது. கதவு திறந்துகொண்டது. எங்கள் வண்டி போகும் திசைக்கு அந்தக் கதவின் கீல் பின்பக்கம். திறந்த கதவைக் காற்று பிடுங்கிக்கொண்டு போய்ப் பின்னால் பெட்டியின் பக்கவாட்டில் அறைந்தது. அதைப் பிடித்துத் தொங்கியவன் கதவுக்கும் பெட்டிக்கும் நடுவே போய் மோதினான். தூக்குச்சட்டி முதலில் விழுந்த சத்தம் கேட்டது. பிறகு அவன் விழுந்தான். பிளாட்பாரம் சரிந்து முடிகிற இடம் அது. படிப்பலகைக்கும் அந்தச் சரிவுக்கும் இடையே விழுந்தான்.

ஒரு கணம் அறையில் எல்லோரும் திறந்து கிடந்த வாசலையே பார்த்தோம். எங்களுக்கு முன்னால் மழை பெய்துகொண்டிருந்தது. தோல் கிடங்கில் வேலை செய்யும் பாய்தான் முதலில் எழுந்து மேலே கை நீட்டிச் சங்கிலியை இழுத்தார். அபராதம் போடுவார்கள் என்று எழுதியிருக்கிற அந்தச் சங்கிலியை யாரும் இழுத்து நான் அதுவரை பார்த்ததில்லை. பெட்டியின் அடியில் காற்றுச் சீறியது. வண்டி முனகிக்கொண்டே நின்றது.

கார்டு கோட்டை உதறிக்கொண்டு தண்டவாளத்து ஓரமாக ஓடிவந்தார். எந்தப் பெட்டி என்று தேட வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. சங்கிலி இழுத்த பெட்டியின் மூலையில் ஒரு தகடு திரும்பி நிற்கும், அதைப் பார்த்துத்தான் வந்தார். பெட்டியின் அடியில் குனிந்து பார்த்தவர் உடனே நிமிர்ந்து, “துண்டு, துண்டு கொடுங்க” என்று கத்தினார். தண்டையார்பேட்டைக்காரர்களுக்காக விரித்திருந்த துண்டைத்தான் பாய் எடுத்து வீசினார். கார்டு அதை அந்த ஆளின் தொடையில் சுற்றி, ஒரு கொடிக் கம்பை முடிச்சுக்குள் விட்டு முறுக்கி இரத்தத்தை நிறுத்தினார். வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிப் போயிருந்தது. நான் இறங்கிப் போய்ப் பார்த்தேன். பார்த்தேன் என்றுதான் சொல்ல முடியும், ஒன்றும் செய்யவில்லை. அவன் கண் திறந்துதான் இருந்தது. “சட்டி எங்க?” என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

எதிரே பட்டணம் போகும் வண்டியை நிறுத்தி அவனை ஏற்றி அனுப்பினார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் எங்கள் பெயர்களைக் குறித்துக்கொண்டார். நாங்கள் அன்று கம்பெனிக்குத் தாமதமாகத்தான் போனோம். ரயில்வே காரணம் என்று சொன்னதும் உள்ளே விட்டார்கள்.

சாயங்காலம் கம்பெனி வாசலில் மேஸ்திரி எங்களை எல்லாம் சேர்த்தார். ரயில்வேயிலிருந்து ஆள் வரும், எழுதி வாங்குவார்கள், எல்லோரும் ஒரே வாய்ப்பாட்டைச் சொல்ல வேண்டும் என்றார்.

“வண்டி ஓடசொல்லோ ஏறினான். அவ்ளோதான். நீதான் ரைட்டரே இங்கிலீஷ்ல எழுதத் தெரிஞ்ச ஆளு. நீ எழுதினா நாங்க கீழ கையெழுத்துப் போட்டுடறோம்.”

“வண்டி நின்னப்போதான ஏறினான்?” என்றேன்.

“ஏறினான், கீறினான். நீ பாத்தியா கால் எப்ப வெச்சான்னு? இன்னொன்னு. உள்ள ரொம்பிக் கெடந்திச்சின்னு எழுது. எடமில்லாங்காட்டிதான் தொறக்கல. அது நாயம்.”

அவர் கெட்டவர் இல்லை. தன் ஆட்களுக்கு ஒன்றும் வரக்கூடாது என்று நினைக்கிற ஆள். அந்த நேரத்தில் எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது, இதை மறைப்பானேன். ஆனால் வீட்டுக்கு வந்து தாளை எடுத்து உட்கார்ந்ததும் ‘ஓடும் வண்டியில் ஏறினான்’ என்று எழுத வரவில்லை. அந்த ஈரக்கை என் கைமேல் பட்டபோது வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது. அதற்கு என் கைதான் சாட்சி. என் கைதான் எழுதவும் வேண்டும்.

அந்த ஒரு வார்த்தையில் என்ன இருக்கிறது என்று எனக்கு ஸ்டேஷன் குமாஸ்தா ஒருவர்தான் சொன்னார். ஓடுகிற வண்டியில் ஏறுவது ரயில்வே சட்டப்படி குற்றம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவன்மேல் வழக்கு வரும், அபராதம் வரும், ரயில்வே ஒரு தம்பிடி கொடுக்காது. நிற்கிற வண்டியில் ஏறினவனை வெளியே வைத்துக்கொண்டே பச்சைக்கொடி காட்டியிருந்தால் அது ரயில்வே தப்பு, அவன் பிழைக்க ஏதாவது வழி செய்வார்கள். ஒரு காலோடு வரப்போகிறவனுக்கு மிச்சமிருப்பது அது ஒன்றுதான்.

விசாரணை ராயபுரம் ஸ்டேஷன் மாடியில் நடந்தது. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். போக்குவரத்து இன்ஸ்பெக்டர் ஒருவர், பெட்டிகளைப் பரிசோதிக்கிறவர் ஒருவர், தண்டவாளத்தைப் பார்க்கிறவர் ஒருவர். தப்பு யார் பகுதியில் என்று ஒருவர்மேல் ஒருவர் தள்ளிவிடாமல் இருக்க மூன்று பகுதிக்காரர்களும் சேர்ந்து உட்காருவதாம். முதலில் கார்டைக் கேட்டார்கள். மழையில் முன்பக்கம் தெரியவில்லை, போர்ட்டர் கை காட்டினான், கொடி காட்டினேன் என்றார். போர்ட்டர், கதவெல்லாம் மூடியிருந்தது என்றான். அது பொய்யில்லை. மூடித்தான் இருந்தது. நான் மூடிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு என்னிடம் தாளைக் கொடுத்தார் இன்ஸ்பெக்டர். தமிழர்தான், மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசுகிறவர். “முதலில் உங்கள் டிக்கெட் எது, எந்த ஸ்டேஷனிலிருந்து எங்கே, எந்த அறை, எந்தப் பக்கம் முகம் வைத்து உட்கார்ந்திருந்தீர்கள், அதை எழுதுங்கள். பிறகு கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். நினைத்ததை எழுதாதீர்கள். கேட்டதை எழுதினால் கேட்டது என்று எழுதுங்கள்.”

எழுதத் தொடங்கினேன். இறங்கிவிட்டான் என்று எழுதினேன். இன்ஸ்பெக்டர் தோளுக்கு மேலாகப் பார்த்து, “பார்த்தீர்களா?” என்றார். “கோணி நகர்ந்ததைப் பார்த்தேன்.” “அப்படியானால் கோணி நகர்ந்தது என்று எழுதுங்கள்” என்றார். அடித்து எழுதினேன். அதுவரை நான் அவன் இறங்கியதைப் பார்த்ததாகவே நம்பிக்கொண்டிருந்தேன்.

பிறகு எங்களைக் கீழே அழைத்துப் போனார்கள். அதே பெட்டியை ஓரத் தண்டவாளத்தில் நிறுத்தியிருந்தார்கள். பரிசோதகர் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். பூட்டு நாக்கைத் தடவினார், தேயவில்லை. கீலை ஆட்டினார், ஆடவில்லை. என்னை உள்ளே என் இடத்தில் உட்கார வைத்தார். ஒரு போர்ட்டரைப் படிப்பலகையில் நிற்க வைத்துக் கைப்பிடியைப் பிடிக்கச் சொன்னார். “இப்போது அன்று பிடித்த மாதிரி பிடியுங்கள்.” பிடித்தேன். “விடுங்கள்.” விட்டேன். கைப்பிடி இறங்கியது. போர்ட்டர் தயாராக இருந்ததால் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

“கைப்பிடியில் குற்றமில்லை” என்றார் பரிசோதகர் மற்ற இருவரிடமும். “இது திறப்பதற்கு வைத்தது. தொங்குவதற்குக் கம்பி இருக்கிறது. ஆள் தொங்கினால் இறங்கத்தான் செய்யும். இவர் பிடித்திருந்தவரை இறங்கவில்லை.”

அவர் என்மேல் குற்றம் சொல்லவில்லை. பூட்டைப் பற்றித்தான் சொன்னார். இருந்தாலும் எனக்கு அந்தப் பெட்டியிலிருந்து இறங்கிப் போய்க் கடலில் விழலாம் போலிருந்தது.

மாடிக்குத் திரும்பி வந்து மீதியை எழுதினேன். வண்டி நின்றிருந்தபோது ஏறினான் என்று எழுதினேன். கைப்பிடியை நான் பிடித்திருந்தேன், சட்டை நனைந்ததால் விட்டேன் என்றும் எழுதினேன். கடைசியில் இன்ஸ்பெக்டர் கேட்டார், “அறையில் எத்தனை பேர்?”

வெளியே வராந்தாவில் மேஸ்திரி நின்றுகொண்டிருந்தார். அவர் முதுகு தெரிந்தது.

“எட்டு” என்றேன்.

இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “யோசித்துச் சொல்லுங்கள். பத்துப் பேர் இருக்கிற அறையில் பதினோராவது ஆளைத் தடுத்தால் குற்றமில்லை. இடம் இருக்கும்போது தடுத்தால் அதற்கு ஒரு பிரிவு இருக்கிறது. அபராதம் உண்டு. இது உங்களுக்கு எதிராக நீங்களே எழுதுகிற வரி.”

“எட்டுப் பேர்தான் இருந்தோம். இரண்டு இடத்தில் துண்டு போட்டிருந்தது.”

“துண்டு ஆளா?” என்று கேட்டார் அவர். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. தெரிந்துகொள்வதற்காகக் கேட்ட மாதிரி கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு அதையும் இங்கிலீஷில் எழுதினேன். துண்டைப் பற்றி இங்கிலீஷில் எழுதுவது எவ்வளவு கேவலம் என்று அன்றுதான் தெரிந்தது.

மேஸ்திரி என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. ஆனால் அபராதம் எதுவும் வரவில்லை. தடுக்கப்பட்டவன் புகார் சொன்னால்தான் அந்தப் பிரிவில் நடவடிக்கையாம். அவன் சொல்லவில்லை. கார்டுக்குச் சம்பள உயர்வை நிறுத்தினார்கள், போர்ட்டரை வேறு ஸ்டேஷனுக்கு மாற்றினார்கள். இரத்தத்தை நிறுத்திய மனுஷனுக்குத் தண்டனை. கைப்பிடியை விட்ட நானோ வழக்கம்போல் மறுநாளும் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து போனேன்.

ஆஸ்பத்திரிக்கு ஒருதரம் போனேன். போகாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது, போனதால்தான் இந்தக் கதை முடியாமல் போயிற்று. கட்டிலில் உட்கார்ந்திருந்தான். போர்வை ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டான்.

“ரயில்கார ஐயா வந்து சொன்னாரு, ரைட்டரே. வண்டி நிக்கசொல்லோதான் ஏறினேன்னு நீ எழுதிக் குடுத்தியாமே. இல்லாங்காட்டி என்னைப் புடிச்சி உள்ள போட்டிருப்பாங்க. நீ நல்லா இருக்கணும்.”

“கைப்பிடியை நான்தான்...” என்று ஆரம்பித்தேன்.

“அத்த வுடு. ரொம்பின பொட்டில நீ இன்னா பண்ணுவே? நானா இருந்தாலும் அதான் பண்ணியிருப்பேன். நான்தான் பேஜாரு புடிச்சவன், கம்பிய புடிக்காம அத்தப் புடிச்சிக்கினு இருந்தேன்.”

ரொம்பின பெட்டி என்றான். அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. பக்கத்தில் அவன் மனைவி கையில் விசிறியோடு நின்றுகொண்டிருந்தாள். என்னைக் கும்பிட்டாள். நானும் பதிலுக்குக் கும்பிட்டேன். அதுதான் எழுதிக் கொடுத்துவிட்டேனே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு இறங்கி வந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறது என்பார்கள். நான் அதை இங்கிலீஷில் மறைத்தேன்.

ரயில்வே அவனுக்கு ஏதோ ஒரு தொகை கொடுத்தது. கம்பெனியில் மேஸ்திரியே பேசி, பெட்டிக்குள் குச்சி அடுக்கும் பகுதியில் உட்கார்ந்து செய்கிற வேலை வாங்கிக் கொடுத்தார். அதைச் சொல்லியாக வேண்டும், மேஸ்திரி கைவிடவில்லை. அடுத்த கோடையில் அடிபட்ட அவர் கக்கத்தில் கட்டை ஊன்றிக்கொண்டு கொருக்குப்பேட்டையில் எங்கள் அறைக்கு முன்னால் வந்து நின்றார். அவர், இவர் என்று எழுதுகிறேன். கால் போன பிறகுதான் எங்களுக்கு மரியாதை வந்தது. நான் கதவைத் திறந்தேன். எல்லோரும் எழுந்து நின்றோம். நான் என் ஜன்னலோரத்தைக் கொடுத்தேன். அவர் வேண்டாம் வேண்டாம் என்றார். கையைப் பிடித்து உட்கார வைத்தோம். எங்கள் மனசுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. காலுக்குப் பதில் ஒரு ஜன்னல்.

அப்படியே அந்த வருஷம் ஓடியது. அவர் எங்களில் ஒருவர் ஆகிவிட்டார். சிரிக்க வைப்பார், பாட்டுப் பாடுவார், மேஸ்திரியையே கேலி செய்வார். கொருக்குப்பேட்டை வரைக்கும் அந்த இடத்தை அவருக்காக ஒரு துண்டு போட்டு நான்தான் காத்துவைப்பேன்.

மறுபடியும் ஐப்பசி வந்தது. அன்றும் மழைதான். அவர் ஏறி உட்கார்ந்தாயிற்று. சட்டங்களை இறக்கியாயிற்று. தண்டையார்பேட்டைக்காரர்களின் துண்டு அவருக்குப் பக்கத்திலேயே கிடந்தது. நான் எதிர் பெஞ்சில் இருந்தேன். வண்டி கிளம்பும் நேரத்தில் வெளியே யாரோ படியில் ஏறிக் கைப்பிடியை அழுத்துகிற சத்தம் கேட்டது. “கொஞ்சம் தொறங்கோ” என்று ஒரு குரல். மூச்சு வாங்கிக்கொண்டு பேசிய குரல்.

அவர் கையை வெளியே விட்டார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். எங்களிடம் எப்போது கற்றுக்கொண்டார் என்று தெரியவில்லை, அவ்வளவு பழக்கமாகப் பிடித்தார்.

“எடமில்லே” என்றார். “பின்னால பொட்டி காலியா கீது, அங்க போ.”

மேஸ்திரி சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்தேன். அவர் தலைக்கு மேலாக வளைந்து ஜன்னலுக்கு வெளியே கையை விட்டேன். அவர் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிக் கைப்பிடியைக் கீழே அழுத்தினேன். கதவு திறந்தது. மழையும் அந்த ஆளும் சேர்ந்தே உள்ளே வந்தார்கள். நான் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன். “உட்காருங்க” என்றேன். அந்த ஆள் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகும் பக்கத்தில் இன்னொருவர் உட்காருகிற அளவுக்கு இடம் இருந்தது. நான் கதவை மூடிக் கைப்பிடியை முழுதாகத் திருப்பினேன். வண்டி நகர்ந்தது.

மேஸ்திரி வெளியே பார்ப்பதுபோல் மூடிய சட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலோரத்து மனுஷன் மட்டும் பக்கத்திலிருந்த இடத்தைப் பார்த்தார். என் தோளில் கிடந்த துண்டைப் பார்த்தார். மறுபடியும் அந்த இடத்தைப் பார்த்தார்.

“ரைட்டரே” என்றார். “அன்னிக்கும் துண்டு போட்டு வெச்சிருந்தீங்களா?”

“ஆமாம்.”

“எடம் இருந்திச்சா?”

“ரெண்டு இடம் இருந்தது.”

இல்லாத காலின் மேல் வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“அத்த எழுதிக் குடுத்தியா?”

“எழுதிக் கொடுத்தேன். இங்கிலீஷ்ல. கேட்டப்போ மறைக்கல.”

“ரயில்காரன்கிட்ட சொன்னே” என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. “ஆஸ்பத்திரிக்கு வந்தியே, ரைட்டரே. என்கிட்ட சொல்லலியே.”